6.4 கிலோ என்று எழுதி வந்த குழந்தையும் நான் அடித்துத் திருத்திய அட்டவணையும்

தாளடி நடவு நேரம். நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு அம்மா, 15 மாதப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் அரசு மருத்துவமனையின் ஊட்டச்சத்து மறுவாழ்வு வார்டுக்கு வந்தார். நான்கு வயதுப் பையன் முந்தானையைப் பிடித்தபடி கூடவே வந்தான். அங்கே நான் ஊட்டச்சத்து ஆலோசகர். பரிசோதனைக் குறிப்புகளைப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எவ்வளவு உணவு, வாரத்துக்கு எவ்வளவு எடை என்று அட்டவணை போட்டு நர்ஸ்களிடம் கொடுப்பது என் வேலை.

அந்த அம்மா கொடுத்த தாளின் இரண்டு பக்கமும் எழுத்து. பால்வாடி டீச்சர், கிராம சுகாதார செவிலியர், பரிசோதனைக்குப் போன குழு என மூன்று பேர் வெவ்வேறு நாட்களில் எழுதியது. அதில் இருந்தது இவ்வளவுதான்: எடை 6.0, பிறகு 6.2, பிறகு 6.4 கிலோ. "எடை ஏறுகிறது, முன்னேற்றம்." நீளம் 70 செ.மீ. கைச்சுற்றளவு 11.7 செ.மீ., மஞ்சள். இரும்புச்சத்து சிரப் கொடுக்கப்பட்டது. சத்துமாவுக் கூழ் அதிகம் கொடுக்கச் சொல்லப்பட்டது. அப்புறம் ஓரத்தில், வேறு பேனாவில், "கால் கொஞ்சம் உப்பலாக உள்ளது".

வார்டிலும் துணி இல்லாமல் எடை போட்டேன். அதே 6.4. உடனே அட்டவணையைத் தொடங்கிவிட்டேன். ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10 கிராம் ஏறினால் நல்ல ஏற்றம் என்பது எங்கள் கணக்கு. 6.4 கிலோவுக்கு நாளொன்றுக்கு 64 கிராம், வாரத்துக்குக் கிட்டத்தட்ட 450 கிராம். முதல் வார முடிவில் 6.85 என்று இலக்குக் கட்டத்தில் எழுதியும் ஆயிற்று.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் மேடம் என் தாளைப் பார்க்கவில்லை. குழந்தையின் பாதத்தைத்தான் பார்த்தார். இரண்டு பாதத்தின் மேலும் கட்டைவிரலை வைத்து மூன்று விநாடி மெதுவாக அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. கணுக்காலுக்கு மேலேயும் அழுத்தினார், அங்கேயும் குழி. "வீக்கம் பாதத்தைத் தாண்டி மேலே ஏறியிருக்கு, இது ரெண்டு பிளஸ். இந்த 6.4-ல எவ்வளவு பிள்ளை, எவ்வளவு தண்ணின்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தாளை நான் சரியாகப் படித்தேன். கைச்சுற்றளவு 11.5-க்குக் கீழே இருந்தால்தான் சிவப்பு, அதாவது கடுமை; 11.7 மஞ்சள். 70 செ.மீ. நீளமுள்ள பெண் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவன அட்டவணையில் கடுமைக் கோடு 6.3 கிலோ, 6.4 அதற்கு ஒரு முடி அளவு மேலே. இந்த இரண்டு எண்களையும் மட்டும் பார்ப்பவர் மிதமான குறைபாடு என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியிருப்பார். ஆனால் இரண்டு பாதத்திலும் குழி விழும் வீக்கம் இருந்தால், எடையும் கைச்சுற்றளவும் எப்படி இருந்தாலும் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடுதான். மூன்று முறை எழுதியும் ஏறிக்கொண்டே வந்த எடை நீர். ஓரத்தில் வேறு பேனாவில் இருந்த அந்த ஒரு வரி, தாளின் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். நான் அதைக் கடைசியாகப் படித்தேன், அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

பழைய தாளை அடித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். இந்த முறை எழுதியிருந்த வரிசையில் நகலெடுக்கவில்லை. ஒவ்வொரு குறிப்பையும் எடுத்து, இது எந்தக் கட்டத்துக்கு உரியது என்று கேட்டேன். வீக்கமும் வார்டு எடையும் முதல் கட்டத்துக்கு. சத்துமாவுக் கூழ் மூன்றாம் கட்டத்துக்கு. இரும்பு சிரப்பை முதல் கட்டத்தில் சிவப்பு மையால் அடித்தேன். ஆரம்ப நாட்களில் இரும்பு கொடுத்தால் கிருமித் தொற்று மோசமாகக்கூடும், குழந்தை எடை ஏறத் தொடங்கிய பிறகுதான் அது. நீளமும் கைச்சுற்றளவும் வெளியே அனுப்பும் நாளுக்கு. எஃப்-75 என்பது ஆரம்ப நாட்களுக்கான லேசான சிகிச்சைப் பால், எஃப்-100 அதைவிடச் செறிவானது. அட்டவணை இப்படி வந்தது:

| கட்டம் | உணவு, அளவு | எடை இலக்கு |
|---|---|---|
| முதல் கட்டம் | எஃப்-75, ஒரு நாளைக்கு 832 மி.லி. முதலில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 70, பிறகு 3 மணி நேரத்துக்கு 105, பிறகு 4 மணி நேரத்துக்கு 140 | இலக்கு இல்லை. குறைய வேண்டும் |
| இடைக்கட்டம், 2 நாள் | எஃப்-100, அதே 140 மி.லி., 4 மணி நேரத்துக்கு ஒருமுறை | இலக்கு இல்லை |
| மூன்றாம் கட்டம் | எஃப்-100, வேளைக்கு 10 மி.லி. கூட்டிக்கொண்டே, கூடவே கூழ், முட்டை | வீக்கம் வடிந்த நாளின் எடையிலிருந்து கணக்கு |

832 எங்கிருந்து வந்தது என்றால், கிலோவுக்கு 130 மி.லி., 6.4 கிலோ. வீக்கம் முகம், கை என்று உடம்பு முழுக்க, அதாவது மூன்று பிளஸ் இருந்திருந்தால் கிலோவுக்கு 100 தான், 640 மி.லி. அதனால்தான் பிளஸ் எத்தனை என்று எழுதாமல் "வீக்கம் உண்டு" என்று மட்டும் எழுதினால் அட்டவணை போட முடியாது. இன்னொன்று, எடை குறையக் குறைய இந்த 832-ஐக் குறைக்கக் கூடாது. எஃப்-75 கொடுக்கும் வரை சேர்ந்த நாளின் எடையே கணக்கு.

எஃப்-75 எங்கள் சமையலறையிலேயே காய்ச்சுவது. 300 மி.லி. பசும்பால், 70 கிராம் சர்க்கரை, 35 கிராம் பொரி மாவு, 20 மி.லி. எண்ணெய், தாது உப்புக் கரைசல். எல்லாம் கலந்த பிறகு, கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி மொத்தம் ஒரு லிட்டர் ஆக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைத் தனியாக அளந்து ஊற்றிவிட்டால் நீர்த்துப் போகும். (இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். இந்தக் குழந்தைகளுக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்குவதும் உடம்பு குளிர்ந்து போவதும் ராத்திரியில் திடீரென்று நடக்கும். பக்கத்தில் ஆள் வேண்டும்.)

அந்த அம்மாவுக்கு 70 மி.லி. என்பது மனசுக்கு ஒப்பவே இல்லை. "இத்துனூண்டு பாலா அக்கா? பட்டினி கிடந்த புள்ளைக்கு நல்லா குடுத்தாத்தானே தேறும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ரொம்ப நாள் பாதி உணவில் ஓடிய உடம்பில் இதயமும் ஈரலும் சிறுநீரகமும் சிக்கனத்துக்குப் பழகிப் போயிருக்கும். திடீரென்று புரதமும் உப்பும் நிறையப் போனால் அவற்றால் தாங்க முடியாது. "மடை ஒடஞ்ச வாய்க்கால்ல ஒரேயடியா தண்ணி திறந்தா என்னாகும்?" என்று கேட்டேன். "கரையே போயிரும்" என்றார். அதன் பிறகு ராத்திரி இரண்டு மணிக்கும் அவரே எழுந்து, கிண்ணத்தைப் பிடித்து ஸ்பூனால் கொடுத்தார். கொடுத்ததில் 80 சதவீதமாவது உள்ளே போகிறதா என்று பார்ப்போம், அடுத்தடுத்த வேளைகளில் போகவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய். இவளுக்குத் தேவைப்படவில்லை.

நான்காம் நாள் கிண்ணத்தை அவளே இழுத்தாள். காலில் குழி ஆழம் குறைந்திருந்தது. பசி திரும்புவதும் வீக்கம் குறைவதும்தான் கட்டம் மாற்ற அடையாளம், எடை இல்லை. ஐந்தாம், ஆறாம் நாள் எஃப்-100, அளவு மட்டும் அதே 140. அந்த இரண்டு நாளும் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை நாடியும் மூச்சும் எண்ணினோம். மூச்சு நிமிடத்துக்கு 5, நாடி 25 கூடி, அடுத்த முறை எண்ணும்போதும் அப்படியே நின்றால் இதயத்துக்குச் சுமை ஏறுகிறது என்று அர்த்தம், அளவை உடனே குறைக்க வேண்டும். கூடவில்லை.

ஏழாம் நாள் காலையில் பாதத்தில் குழி இல்லை. எடை 5.9. அரைக் கிலோ தண்ணீர் வடிந்திருந்தது! கன்னம் ஒட்டி, விலா எலும்பு தெரிய, பார்த்த அப்பாயி "ஆஸ்பத்திரிக்கு வந்து புள்ளை இன்னும் எளச்சிருச்சே" என்று அழுதுவிட்டார். அவளுடைய உண்மையான எடை இதுதான், கடுமைக் கோட்டுக்கு 400 கிராம் கீழே.

காலியாக விட்டிருந்த இலக்குக் கட்டத்தை அன்றுதான் நிரப்பினேன். 5.9 கிலோவுக்கு நாளொன்றுக்கு 59 கிராம். 14-ஆம் நாள் 6.3 வந்தால் நல்லது. கிலோவுக்கு 5 கிராம் என்ற கீழ் அளவில் 6.1. அதற்கும் கீழே போனால் எங்கோ பிழை. முதல் நாள் நான் எழுதிய 6.85 இருந்திருந்தால், நன்றாகத் தேறும் குழந்தையை "எடை ஏறவில்லை" என்று மூன்று வாரம் தவறாகப் படித்திருப்போம்.

பிழை வந்தது, ஆனால் வேறு இடத்தில். எட்டு, ஒன்பது, பத்து என மூன்று நாளும் 5.95-லேயே நின்றது. சார்ட்டில் எல்லா வேளையும் "கொடுக்கப்பட்டது" என்று கையெழுத்து. காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. கடைசியில் அந்த அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "ராத்திரியில பெரியவன் பசிக்குதுன்னு அழுவான் அக்கா. பாதியை அவனுக்குக் குடுத்துருவேன்." வீட்டில் எல்லோரும் நடவுக்குப் போய்விட, பையனை விட்டுவர ஆளில்லை. அன்றைக்கே அவனுக்கும் வார்டு சமையலறையிலிருந்து மூன்று வேளை சாப்பாட்டுக்கும் ராத்திரிக்கு ஒரு டம்ளர் பாலுக்கும் சொல்லி வைத்தோம். அட்டவணையில் "மீதி" என்று ஒரு பத்தி சேர்த்தேன். கொடுத்தது எவ்வளவு என்பதோடு கிண்ணத்தில் மிஞ்சியது எவ்வளவு என்றும் நர்ஸ் பார்த்து எழுத வேண்டும்.

14-ஆம் நாள் 6.2. கணக்குப் போட்டால் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 7 கிராம். நடுத்தரம், மூன்று நாள் நின்றும் அவ்வளவு. அடுத்த வார இலக்கை 5.9-லிருந்து போடவில்லை, 6.2-லிருந்து போட்டேன்: 6.6. வந்தது 6.55. கிண்ணத்தில் கொஞ்சம் மிஞ்சும் வரை வேளைக்கு 10 மி.லி. கூட்டிக்கொண்டே போனதில் அவள் 200-ஐத் தாண்டியிருந்தாள். கிலோவுக்கு ஒரு நாளைக்கு 220 மி.லி. என்ற மேல் எல்லைக்குள்தான். இரும்பு சிரப்பும் இப்போது சேர்ந்துவிட்டது. சத்துமாவுக் கூழைத் தட்டிவிட்டு முட்டையை மட்டும் கேட்டாள்.

எங்கள் வார்டில் குறைந்தபட்ச எடையிலிருந்து 15 சதவீதம் கூடினால் வீட்டுக்கு அனுப்புவோம். 5.9-க்கு அது 6.8. 26-ஆம் நாள் அதைத் தொட்டாள். இதையே 6.4-லிருந்து கணக்கிட்டிருந்தால் 7.36 கிலோ வரை காத்திருக்க வேண்டும். நடவுக் கூலியை விட்டு அந்த அம்மா அதுவரை இருந்திருக்க மாட்டார்.

6.8 முடிவு இல்லை. அவள் நீளத்துக்குக் குறைந்தது 6.9 கிலோவும், கைச்சுற்றளவு 12.5 செ.மீ.யும் வர வேண்டும். அதனால் அட்டவணையின் கடைசி வரியைப் பால்வாடி டீச்சருக்காகத் தனித்தாளில் எழுதினேன். முதல் எடை 5.9 என்று பதிவேட்டில் திருத்திக்கொள்ளவும். வாராவாரம் ஒரே தராசில், துணி இல்லாமல். தராசில் தொங்கவிடுவதற்கு முன்னால் இரண்டு பாதத்தையும் அழுத்திப் பார்த்து, குழி உண்டு அல்லது இல்லை என்று எடைக்கு மேலே எழுதவும். அந்த அம்மா தாளை இரண்டாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, பெரியவனை முன்னால் நடக்கவிட்டு, மன்னார்குடி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.