முதலில் ஊசி, பிறகு கை: இரும்புச்சத்து ஊசியில் நான் கற்ற இசட் டிராக்

என் கையால் ஒருவருக்கு விழுந்த கறை இரண்டு வருடம் கழித்தும் போகவில்லை. நர்சிங் முடித்து ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் சேர்ந்த புதிது. ரத்தசோகை இருந்த ஒரு கர்ப்பிணிக்கு அயர்ன் டெக்ஸ்ட்ரான் 2 மில்லி இடுப்பில் போடச் சொன்னார்கள். மற்ற ஊசிகளைப் போடுவது போலவே போட்டேன். ஊசியை எடுத்ததும் துளையிலிருந்து பழுப்பாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. பழக்கதோஷத்தில் பஞ்சை வைத்து நன்றாகத் தேய்த்துவிட்டேன். அடுத்த வாரம் வந்தபோது அந்த இடத்தில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குக் காபி டிகாஷன் சிந்தியது போல ஒரு வட்டம். இரண்டாவது பிரசவத்துக்கு வந்தபோதும் அது இருந்தது. “சிஸ்டர், இது மச்சமா ஆயிடுச்சு” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பரீட்சையில் இசட் டிராக் பற்றி எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான் நான். தோலை இழு, குத்து, விடு என்ற அளவில் மனப்பாடம். அது எதற்கு என்று புரிய வைத்தது எங்கள் சீனியர் அக்கா. ஒரு தலையணை மேல் புடவைத் தலைப்பை விரித்து, அதை ஒரு அங்குலம் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து, ஒரு குண்டூசியைச் செங்குத்தாகக் குத்தச் சொன்னார். குண்டூசியை எடுத்த பிறகு தலைப்பை விட்டேன். “இப்ப புடவையில இருக்கிற ஓட்டைக்கு நேர் கீழ தலையணையில ஓட்டை இருக்கா பாரு” என்றார். இல்லை, ஒரு அங்குலம் தள்ளி இருந்தது.

உடம்பிலும் அதேதான் நடக்கிறது. தோலும் அதன் கீழே உள்ள கொழுப்பும் தசைக்கு மேல் வழுக்கிக்கொண்டு நகரும். தசை இருந்த இடத்திலேயே இருக்கும். நேராகக் குத்தினால் தசையிலிருந்து தோல் வரை ஒரே நேர்க்குழாய் உண்டாகும், மருந்து அதன் வழியே மேலே கசியும். இழுத்துப் பிடித்துக் குத்திவிட்டு விட்டால் அந்தக் குழாய் நடுவில் உடைந்து இசட் எழுத்துப் போல மடங்கி அடைபடும். சாதாரண மருந்து கொஞ்சம் கசிந்தால் வலியோடு போய்விடும். இரும்பு அப்படியல்ல. தோலுக்குக் கீழே தங்கினால் பச்சை குத்தியது போல நிறம் ஏறிவிடும், மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கும்.

சரி, அதற்குப் பிறகு நான் முறையாகச் செய்த முதல் ஆளைப் பற்றிச் சொல்கிறேன். ஏழாம் மாத கர்ப்பிணி, 45 கிலோ, ஹீமோகுளோபின் 8. மாத்திரை சாப்பிட்டால் உடனே வாந்தி. டாக்டர் கணக்குப் போட்டார்: எடை 45, கூட வேண்டிய ஹீமோகுளோபின் 3, இரண்டையும் 2.4-ஆல் பெருக்கினால் 324. உடம்பின் சேமிப்புக்கு 500 சேர்த்தால் 824 மில்லிகிராம் இரும்பு. ஒரு மில்லியில் 50 மில்லிகிராம் இருக்கும், ஒரு நாளைக்கு 2 மில்லிக்கு மேல் போடக் கூடாது. ஆக, முதல் நாள் சோதனைக்கு அரை மில்லி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் 2 மில்லி வீதம் எட்டு முறை. மொத்தம் 825.

சோதனை டோஸ் போட்டு ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார வைத்தோம். டிரேயில் அட்ரினலின் எடுத்து வைத்திருந்தோம், டாக்டர் அடுத்த அறையில். இந்த மருந்துக்குத் திடீர் ஒவ்வாமை வரலாம். சோதனையில் ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக அடுத்த டோஸிலும் ஆகாது என்று நம்ப முடியாது. அதனால் வீட்டிலோ டாக்டர் இல்லாத இடத்திலோ போடுகிற ஊசி இல்லை இது.

முறையின் பாதி வேலை குத்துவதற்கு முன்பே முடிந்துவிடும். ஆம்ப்யூலில் இருந்து மருந்தை ஏற்றிய ஊசியின் வெளிப்பக்கமெல்லாம் மருந்து ஒட்டியிருக்கும். அதே ஊசியால் குத்தினால் போகிற வழியெல்லாம் பழுப்பைப் பூசிக்கொண்டே போகும், அப்புறம் எவ்வளவு இழுத்துப் பிடித்தும் பயனில்லை. என் முதல் தவறு அங்கேதான் தொடங்கியிருந்தது. ஏற்றியதும் ஊசியைக் கழற்றிப் புதிது மாட்ட வேண்டும். அதுவும் ஒன்றரை அங்குலப் பச்சை ஊசி, 21 கேஜ். கைக்குக் கிடைத்தது என்று நீல நிற ஒரு அங்குல ஊசியை மாட்டினால் இடுப்பில் கொழுப்போடு நின்றுவிடும். மருந்து தசைக்கே போகவில்லையென்றால் கறை பிடிப்பது நிச்சயம். நல்ல சதைப்பிடிப்பான உடம்பென்றால் ஒன்றரை அங்குலமும் எட்டாது, இரண்டு அங்குலம் தேவைப்படும்.

சிரிஞ்சில் 0.2 மில்லி காற்றும் விட்டுக்கொள்வேன். மருந்துக்குப் பின்னால் அந்தக் காற்று போனால் ஊசிக்குள் மிஞ்சியிருக்கும் கடைசித் துளியையும் தசைக்குள் தள்ளிவிடும். இது வேண்டாம் என்பவர்களும் உண்டு. நான் விட்டதற்குக் காரணம், எங்கள் ஆட்களைப் பக்கவாட்டில் படுக்க வைத்துத்தான் போடுவோம். போட வேண்டிய பக்கம் மேலே இருக்கும், சிரிஞ்சு நேர் கீழ்நோக்கி இருக்கும், காற்றுக்குமிழி பிளஞ்சர் பக்கம் ஏறி நிற்கும். நிற்க வைத்துப் போட்டால் சிரிஞ்சு கிடைமட்டமாகி, காற்று ஓரமாக ஒதுங்கிவிடும், விட்டும் பலனில்லை.

இந்த மருந்துக்கு இடம் இடுப்பின் மேல் வெளிப்புறக் கால்பகுதி மட்டும். கையில் போடக் கூடாது, வெளியே தெரிகிற எந்த இடத்திலும் கூடாது. முதலில் எலும்பைத் தொட்டுப் பார்த்து இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்ள வேண்டும், அதன் பிறகுதான் தோலை இழுக்க வேண்டும். ஏனென்றால் நாம் குறிவைப்பது தசையை. இழுத்த பிறகு அந்த இடத்தில் வேறு தோல் வந்து நிற்கும். அதனால் ஸ்பிரிட் பஞ்சால் கொஞ்சம் அகலமாகவே துடைத்து, முழுதாகக் காய விட வேண்டும். ஈரத்தோடு இழுத்தால் தோல் வழுக்கும், எரியவும் செய்யும்.

இடது கையின் சுண்டுவிரல் பக்கத்து விளிம்பை அழுத்தி வைத்து, தோலை ஒரு அங்குலம் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்தேன். புத்தகத்தில் இல்லாத சிக்கல் இங்கேதான். அந்தக் கையை இனி கடைசிவரை எடுக்க முடியாது. சிரிஞ்சைப் பிடிப்பது, ரத்தம் வருகிறதா என்று பிளஞ்சரை இழுத்துப் பார்ப்பது, மருந்தைத் தள்ளுவது எல்லாம் மிச்சமிருக்கும் ஒரு கையால். முதல் நாள் என்னால் முடியவே இல்லை, ஊசி உள்ளே ஆடியது. ஆடுகிற ஊசி சின்ன ரத்தக்குழாய்களைக் கிழிக்கும், மறுநாள் நீலமாகக் கன்றிப் போவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அக்கா காட்டிய வழி எளிமையானது: தோலைப் பிடித்திருப்பது இடது கையின் விளிம்புதானே, அதன் கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் சும்மாதான் இருக்கின்றன. ஊசி உள்ளே போனதும் அந்த இரண்டு விரலால் சிரிஞ்சின் அடியைப் பிடித்துக்கொண்டால் வலது கை முழுதாக பிளஞ்சருக்குக் கிடைத்துவிடும். மருந்து ஏற்றாத சிரிஞ்சோடு, அதே தலையணையில் இருபது தடவையாவது பழகியிருப்பேன்.

90 டிகிரியில் ஒரே வேகத்தில் குத்தினேன். பிளஞ்சரை ஐந்தாறு விநாடி மெதுவாக இழுத்துப் பார்த்தேன். ரத்தம் வந்திருந்தால் அந்த மருந்தையே எறிந்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டியிருக்கும், வரவில்லை. பிறகு மில்லிக்குப் பத்து விநாடி என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே தள்ளினேன். 2 மில்லிக்கு இருபது. வார்டில் பத்துப் பேர் காத்திருக்கும்போது இருபது விநாடி மிக நீளமாகத் தெரியும். வேகமாகத் தள்ளினால் தசை விரிய நேரமில்லாமல் மருந்து வந்த வழியே திரும்பும், வலியும் கூடும்.

தள்ளி முடித்ததும் எடுத்துவிடக் கூடாது. ஊசி உள்ளேயே இருக்க, தோல் இழுத்தபடியே இருக்க, இன்னும் பத்து விநாடி. மருந்து தசை நார்களுக்குள் பரவுவதற்கான நேரம் அது. அதன் பிறகு ஊசியை நேராக வெளியே எடு, உடனே தோலை விடு. வரிசை மாறினால் எல்லாம் வீண். ஊசி உள்ளே இருக்கும்போதே தோலை விட்டால், நகர்கிற தோல் ஊசியையும் சேர்த்து இழுக்கும், கொழுப்பும் தசையும் உள்ளே கிழியும். முதலில் ஊசி, பிறகு கை. இதை வார்டு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எழுதியே வைத்திருந்தேன்.

சரியாகப் போனதா என்பது அந்தக் கணமே தெரிந்துவிடும். துளையில் பழுப்புச் சொட்டு இல்லை, ஒரு பொட்டு ரத்தமாவது இருக்கும், அல்லது அதுவும் இல்லை. காய்ந்த பஞ்சை வைத்து லேசாக அழுத்தினேன், தேய்க்கவில்லை. தேய்ப்பதுதான் தசைக்குள் இருக்கும் மருந்தைத் தோலுக்குத் தள்ளுகிற வேலை.

அதைவிடப் பெரிய சண்டை வீட்டாரோடு. ஊசி போட்டால் தேய்த்துவிட வேண்டும், கட்டிக்கொண்டால் வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும் என்பது நம் ஊரில் அசைக்க முடியாத நம்பிக்கை. “தேய்க்காட்டி கட்டிக்காதா சிஸ்டர்?” என்று மாமியார் திரும்பத் திரும்பக் கேட்டார். இந்த மருந்து தேய்த்தால் தோலில் சாயம் போல ஏறும், துணியில் பட்ட இரும்புக்கறை போகாதே, அது போல என்றதும் ஒப்புக்கொண்டார். ஒத்தடமும் வேண்டாம், இறுக்கமான பாவாடை நாடாவும் வேண்டாம், கொஞ்ச தூரம் நடந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினேன்.

வலது, இடது என்று மாற்றி மாற்றிப் போட்டு, எந்த நாள் எந்தப் பக்கம் என்று கேஸ் ஷீட்டில் குறித்தேன். ஐந்தாவது ஊசியில் மட்டும் தடங்கல். மருந்து தள்ளிக்கொண்டிருக்கும்போது அவருக்குத் தும்மல் வந்துவிட்டது. உடம்பு குலுங்கியதில் என் இடது கை வழுக்கித் தோல் பாதி தூரம் திரும்பிவிட்டது. மறுபடி இழுக்கப் பார்க்காமல், அப்படியே அசையாமல் பிடித்து, மெதுவாக முடித்து எடுத்தேன். துளையில் ஊசிமுனை அளவு பழுப்பு. தொட்டு ஒற்றி எடுத்தேன், அவ்வளவுதான்.

இப்போது இந்த வேலைக்குப் பெரும்பாலும் நரம்பில் ஏற்றும் அயர்ன் சுக்ரோஸ் வந்துவிட்டது. இடுப்பில் இரும்பு போடுவது அபூர்வம். பிறகு நான் மனநல வார்டில் இருந்தபோது, மாதம் ஒரு முறை போடுகிற எண்ணெய் கலந்த ஊசிகளுக்கு இதே முறை கைகொடுத்தது. அங்கே பயம் கறை இல்லை. எண்ணெய் மருந்து வெளியே கசிந்தால் அந்த மாத டோஸ் குறைந்துவிடும், எவ்வளவு போனது என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை.

அந்த கர்ப்பிணி, குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்த அன்று நானே கேட்டுப் பார்த்தேன். எட்டு ஊசி போட்ட இடத்தில் ஏழுக்கு அடையாளமே இல்லை. வலது பக்கம், கேஸ் ஷீட்டில் ஐந்தாவது என்று குறித்திருந்த இடத்தில், பச்சைப்பயறு அளவுக்கு ஒரு மங்கல் புள்ளி இருந்தது. “அது தும்மல் போட்ட அன்னிக்கு” என்றார் அவர்.