கடைசிக் குமிழி

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்த வாரம் அது. கைபேசி அரட்டையைக் குமிழி குமிழியாகக் காட்டும் வேடிக்கைக் காணொளிக்குக் கதை கைக்கருகிலேயே கிடைத்தது. கணவன்: "1ஆம் எண் கூண்டு. டோக்கன் இல்லை. வீட்டுக்கு வருகிறேன்." மனைவி: "வாருங்கள். அடகுச் சீட்டைப் பார்த்துவிட்டேன்." அவன் பக்கம் மூன்று புள்ளிகள் துடிக்கும், நிற்கும், மறுபடி துடிக்கும். பிறகு: "டோக்கன் கேட்டுப் பார்க்கிறேன்."

முதலில் கடைசிக் குமிழியில் "கடல் அமைதியாகத்தான் இருக்கிறது" என்று வைத்திருந்தேன். பக்கத்துக் கடையில் வலை பின்னும் அண்ணன் பார்த்துவிட்டு, "கடல் அமைதியாக இருந்தால் மட்டும் போதுமா தம்பி? கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் தர வேண்டாமா?" என்றார். மாற்றியதும் சிரிப்பு இரட்டிப்பானது. வெளியூர்க்காரருக்குப் புரியாது என்று காணொளியை வெளியிடும் பக்கத்தை நடத்துபவர் தயங்கினார். அதனால்தான் முதல் குமிழியிலேயே 'டோக்கன் இல்லை' என்று சேர்த்தேன். கடைசியில் வெடிக்கவேண்டிய சொல்லை முன்பே பார்வையாளர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

திரை மனைவியின் கைபேசி. எதிர்முனையில் இருப்பவர் தட்டும்போதுதான் அந்தப் புள்ளிகள் தெரியும். கணவனின் கைபேசியைக் காட்டினால் அவனுடைய திணறலுக்குப் புள்ளிகளே கிடையாது. மற்றக் குமிழிகளை வாய்விட்டு ஒருமுறை படிக்கும் நேரம் நிறுத்தினேன். புள்ளிகளுக்கு மட்டும் இரண்டு விநாடி, நடுவே அரை விநாடி வெறுமை. அந்த வெறுமையை எடுத்துவிட்டால் அவன் பதில் தேடுவதாகத் தெரியாது, மெதுவாகத் தட்டுகிறான் என்றே தோன்றும்.

முடித்த காணொளியைப் பார்த்து அண்ணன் சிரிக்கவில்லை. "டீசலுக்கு நகையை வைக்காத வீடு இந்தக் கரையில் உண்டா? நீ அவள் கையில் இருந்துகொண்டு பார்க்கிறாய்" என்றார். புள்ளிகளுக்காகத்தான் அந்தக் கை என்று விளக்கினேன். தலையாட்டினார். அது ஒப்புதலா என்று இன்றும் பிடிபடவில்லை.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் அன்றிரவு கணவனின் கைபேசியில் இன்னொரு வடிவம் செய்தேன். தட்டச்சுப் பெட்டியில் "டீசலுக்குத்தான் வைத்தேன்" என்று எழுத்து எழுத்தாக வருகிறது, அதேபோல் அழிகிறது, பிறகு "டோக்கன் கேட்டுப் பார்க்கிறேன்" போகிறது. அழிவதைத் தட்டுவதைவிட வேகமாக வைத்தேன். மனிதர்கள் அப்படித்தான் அழிக்கிறார்கள். கதை அதே கதைதான், ஆனால் எனக்கே சிரிப்பு தாமதமாக வந்தது, வந்ததும் நிற்கவில்லை என்று சொல்லமுடியாது.

வெளியானது முதல் வடிவம். கைபேசிக்கு வேடிக்கை வேண்டும், விளக்கம் வேண்டாம் என்று பக்கத்தை நடத்துபவர் சொன்னதை நானும் ஏற்றுக்கொண்டேன். இரண்டாவதை அவரிடம் காட்டவே இல்லை என்பதால், எதை ஏற்றுக்கொண்டேன் என்பதுதான் தெளிவாகவில்லை. அண்ணனுக்கு அதைப் போட்டுக் காட்டலாம். அவர் கடைக்குத் தினமும் போகிறேன், கைபேசியை வெளியே எடுக்காமலே திரும்பிவருகிறேன்.