டிவியை லப்டொப் காணவே இல்லை: ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாஸுக்கு முதல் பட்ட பாடு

வெள்ளவத்தையில எங்கட பிளட் ஹோலில ஒவ்வொரு ஞாயிறும் காலமை ஏஎல் பிள்ளைகள் ஏழு பேருக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறன். 43 இஞ்சி டிவி சுவரில இருக்கு, என்ட மேசை மற்றப் பக்கம் ஜன்னலோட, ரெண்டுக்கும் நடுவில கதவு, அதால 15 மீற்றர் எச்டிஎம்ஐ கேபிள் ஒண்டைச் சுவர் வழியா கேசிங் போட்டுக் கொண்டு வந்து விட்டிருக்கிறன். டிவியில கேள்வி தெரியும், லப்டொப்பில மார்க்கிங் ஸ்கீமும் என்ட குறிப்பும் இருக்கும், பிள்ளைகளுக்கு அது தெரியக் கூடாது. ஒரு வருசமா பிரச்சினை இல்லாமத்தான் ஓடிச்சுது.

போன மாசம் வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சம். அதுக்குப் பிறகு வந்த முதல் ஞாயிறு, 8 மணிக்கு கிளாஸ், 7 மணிக்கு லப்டொப்பைக் கொழுவினா டிவியில No Signal எண்டு நிக்குது. `Win + P` அமத்தி Extend குடுத்தன், ஒண்டும் நடக்கேல்ல. Settings, System, Display போய் Multiple displays எண்ட இடத்தில Detect அமத்தினன், அங்கயும் என்ட லப்டொப் ஸ்கிரீன் ஒண்டுதான், ரெண்டாவது பெட்டி வரவே இல்லை.

முதல்ல எல்லாரும் செய்யிறதைத்தான் நானும் செஞ்சன், டிவி ரிமோட்டில Source அமத்தி HDMI 1, HDMI 2, HDMI 3 எண்டு மாத்தி மாத்திப் பாத்தன், கேபிளை வேற ஓட்டையில கொழுவிப் பாத்தன், லப்டொப்பை ரீஸ்டார்ட் பண்ணினன். பிறகு டிவியை ரிமோட்டால இல்லாம சுவர் பிளக்கிலயே கழட்டி ரெண்டு மூண்டு நிமிசம் விட்டுத் திரும்பப் போட்டன், ஏனெண்டா ரிமோட்டால ஓஃப் பண்ணினா டிவி உண்மையா ஓஃப் ஆகிறேல்ல, உள்ளுக்க இருக்கிற பழைய நிலை அப்பிடியே கிடக்கும். `Win + Ctrl + Shift + B` உம் அமத்தினன், அது கிராபிக்ஸ் டிரைவரைத் திருப்பி எழுப்பும், ஸ்கிரீன் ஒருக்கா கறுப்பாகி ஒரு பீப் சத்தத்தோட வரும். இதெல்லாம் செஞ்சும் ஒண்டும் இல்லை.

7.20 ஆச்சுது. பம்பலப்பிட்டியில கொம்பியூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கிற கூட்டாளிக்கு எடுத்தன். அவன் முதல் கேட்ட கேள்விதான் எனக்கு வழி காட்டினது. "மச்சான், லப்டொப்பில டிவியின்ட பேர் வருதா, வரேல்லையா?"

வரேல்ல எண்டன். "அப்ப படத்தை யோசிக்காத, பேச்சே தொடங்கேல்ல" எண்டான். பிறகு அவன் விளங்கப்படுத்தினதையும் நான் பிறகு பாத்துப் படிச்சதையும் சேத்துச் சொல்றன்.

எச்டிஎம்ஐ கேபிளைக் கொழுவின உடன படம் போறேல்ல. முதல்ல லப்டொப் 18 ஆம் பின்னில 5 வோல்ட் குடுக்கும். டிவி அதைக் கண்டு 19 ஆம் பின் வழியா "நான் இருக்கிறன்" எண்டு திருப்பிச் சொல்லும். அந்த 19 ஆம் பின் உயர்ந்தாத்தான் லப்டொப்புக்கு ஆரோ வந்திருக்கினம் எண்டு தெரியும். உடன லப்டொப் 15, 16 ஆம் பின் வழியா டிவிக்குள்ள இருக்கிற ஈடிஐடி எண்ட சின்னக் குறிப்பை வாசிக்கும், அதில டிவியின்ட பேர், என்னென்ன ரெசொலூஷன் காட்டும், சத்தம் வாங்குமா எண்டதெல்லாம் எழுதியிருக்கும், பழைய அடிப்படைப் பகுதி 128 பைட் தான். அதை வாசிச்ச பிறகுதான் விண்டோஸ் ரெண்டாவது பெட்டியை Display பக்கத்தில வரையும், அதுக்குப் பிறகுதான் படம் போகும். காப்புரிமை உள்ள வீடியோ எண்டா எச்டிசிபி எண்டு இன்னொரு சாவிப் பரிமாற்றமும் நடக்கும்.

இதை இந்த ஒழுங்கில யோசிச்சா எங்க பிழை எண்டு பிடிக்கலாம். டிவியின்ட பேரே வரேல்ல எண்டா பிழை முதல் படியில, அதாவது கேபிள், போட், டிவி தப்பான இன்புட்டில நிக்கிறது, இல்லாட்டி டிரைவர். பேர் வருது ஆனா டிவி கறுப்பு, இல்லாட்டி மினுக்கி மினுக்கிப் போகுது எண்டா பேச்சு சரி, படத்தை ஓட்டுற வேகத்துக்குக் கேபிள் தாங்கேல்ல, அந்த நேரம் Advanced display இல ரிப்ரெஷ் ரேட்டை 60 இல இருந்து 30 க்குக் குறைச்சுப் பாக்கலாம், படம் வந்தா கேபிள் பலவீனம் எண்டு முடிவு பண்ணலாம். டெஸ்க்டொப் நல்லாத் தெரியுது, ஓடிடி படம் மட்டும் கறுப்பு எண்டா அது எச்டிசிபி.

டிரைவரைப் பாக்க Device Manager திறந்து Display adapters ஐ விரிக்கச் சொன்னான். அங்க Microsoft Basic Display Adapter எண்டு இருந்தா உண்மையான டிரைவர் ஏறேல்ல, அதுக்கு ரெண்டாவது ஸ்கிரீன் தெரியாது. எனக்கு ஒழுங்கான பேர் தான் இருந்தது. அதே இடத்தில Monitors ஐப் பாத்தா Generic Non-PnP Monitor எண்டு வந்தா டிவி இருக்கிறது தெரியுது ஆனா குறிப்பை வாசிக்க முடியேல்ல எண்டு அர்த்தமாம். எனக்கு அதுவும் இல்லை.

"அப்ப கேபிள் மச்சான். சின்ன கேபிள் ஒண்டு எடுத்து லப்டொப்பை டிவிக்குக் கிட்ட வச்சுப் பார்."

பக்கத்து பிளட் அக்காட்ட கேட்டு அவவின்ட டிவி பொக்ஸில இருந்த ஒண்டரை மீற்றர் கேபிளைக் கழட்டிக் கொண்டு வந்தன். லப்டொப்பைக் கையில பிடிச்சுக் கொண்டு டிவிக்குக் கீழ நிண்டு கொழுவின உடனயே டிங் எண்டு வந்திச்சு, டிவியில படம். இப்ப டிவி சரி, போட் சரி, லப்டொப் சரி, மிச்சம் இருக்கிறது என்ட நீட்டுக் கேபிள் மட்டும்.

அந்தக் கேபிள் ஒரு வருசம் நல்லா வேலை செஞ்சது, பெயின்ட் அடிச்சவையள் கழட்டித் திருப்பிக் கேசிங்குக்குள்ள விட்டது மட்டும்தான் நடந்தது. மடிச்சு உடைச்சுப் போட்டாங்களோ எண்டு நினைச்சு ரெண்டு நுனியையும் லைட் அடிச்சுப் பாத்தன். டிவிப் பக்க நுனியில பெயின்ட் கொஞ்சம் ஒட்டியிருந்தது, நகத்தால சுரண்டினா கீழ சின்ன எழுத்து: SOURCE. மேசைப் பக்க நுனியில DISPLAY.

தலைகீழாப் போட்டிருக்கினம். கூட்டாளிக்குத் திரும்ப எடுத்துச் சொன்னன், அவன் உடன பிடிச்சிட்டான். நீட்டுக் கேபிள் கனக்க இப்ப உள்ளுக்க ஒளி நார் வச்சு வருது, ஒரு நுனியில இருக்கிற சிப் மின்சார சிக்னலை ஒளியாக்கும், மற்ற நுனி ஒளியைத் திரும்ப மின்சாரமாக்கும், அது ஒரு பக்கமாத்தான் போகும். SOURCE எண்ட நுனி லப்டொப்பில, DISPLAY எண்ட நுனி டிவியில இருக்க வேணும். தலைகீழாப் போட்டா எல்லாக் கேபிளும் ஒரே மாதிரி நடக்காது, சிலதில டிவி பேர் வந்து படம் மட்டும் வராது, என்டதில ஒண்டுமே வரேல்ல. சின்னச் செம்புக் கேபிளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, எந்தப் பக்கமும் போடலாம், அதாலதான் பெயின்ட் காரருக்கும் எனக்கும் அந்த எண்ணமே வரேல்ல.

கேசிங்கில இருந்து கேபிளை இழுத்துத் திருப்பி விட நேரம் இல்லை, 7.45. அண்டைக்கு மேசையை டிவிக்குக் கீழ தள்ளி அக்காவின்ட சின்ன கேபிளில ஓட்டினன், பின்னேரம்தான் மற்றதைச் சரி பண்ணினது.

ஆனா படம் வந்த பிறகும் ஒரு பாடு இருந்தது, அதையும் சொல்லத்தான் வேணும். கொழுவினது Duplicate இல வந்திச்சு. மார்க்கிங் ஸ்கீம் திறந்திருந்தா பிள்ளைகளுக்கு அது அப்பிடியே தெரியும், அதோட எழுத்தும் மங்கல். காரணம் இதுதான், என்ட லப்டொப் ஸ்கிரீன் 1366 x 768, டிவி 1920 x 1080. Duplicate எண்டா ரெண்டுக்கும் ஒரே படம் போக வேணும், அதால விண்டோஸ் ரெண்டுக்கும் ஒத்துப் போற ஒரு ரெசொலூஷனைத் தேடிச்சு, எனக்கு 1280 x 720 க்கு வந்து நிண்டது. பின்னங்களும் தொகையீட்டுக் குறியின்ட மேல கீழ எல்லைகளும் ஹோலின்ட கடைசியில இருக்கிற பிள்ளைக்கு வாசிக்கேலாது.

`Win + P` இல Extend குடுத்த உடன டிவி தன்ட 1080 க்கு ஏறிச்சு, எழுத்து கத்தி மாதிரி. ரெண்டு ஸ்கிரீனும் தனித்தனி, ஒண்டோட ஒண்டு பேசிச் சமரசம் செய்யத் தேவையில்லை. ஆனா அப்ப டிவியில வெறும் வோல்பேப்பர்தான் நிக்கும், இதைப் பாத்து வேலை செய்யேல்ல எண்டு திரும்ப Duplicate போடுற ஆக்கள் இருக்கினம். வின்டோவை அங்க கொண்டு போக வேணும், `Win + Shift + →` அமத்தினா திறந்திருக்கிற வின்டோ மற்ற ஸ்கிரீனுக்குப் பாயும். மவுஸ் எந்தப் பக்கத்தால டிவிக்குப் போகுது எண்டது Display பக்கத்தில அந்த 1, 2 பெட்டிகள் எப்பிடி இருக்கு எண்டதில தங்கியிருக்கு. டிவி எனக்கு இடப்பக்கம், விண்டோஸ் அதை வலப்பக்கமா நினைச்சிட்டு இருந்தது, பெட்டியை இழுத்து இடப்பக்கம் விட்டு Apply குடுத்தன், அப்ப சுகம். பவர்பொயின்ட்டின்ட Presenter View உம் Extend இலதான் வேலை செய்யும், நாங்கள் குறிப்பைப் பாத்துக் கொண்டு பிள்ளைகளுக்கு ஸ்லைட் மட்டும் காட்டலாம்.

டிவியின்ட நாலு ஓரமும் கொஞ்சம் வெட்டுப்பட்டு டாஸ்க்பார் பாதிதான் தெரிஞ்சது, அது லப்டொப்பின்ட பிழை இல்லை, டிவியின்ட Picture Size இல Screen Fit எண்டு போட்டன், எல்லாம் உள்ள வந்திச்சு. வேற டிவிகளில இதுக்கு Just Scan எண்டு பேர் இருக்கும்.

8.05 க்கு முதல் கேள்வியைப் போட்டன். பின்னேரம் கேபிளைத் திருப்பி விட்டுப் போட்டு டிவிப் பக்க நுனியில சிவப்பு டேப்பும் மேசைப் பக்கத்தில நீலமும் சுத்தியிருக்கிறன், கேசிங் மூடியிலயும் வெளியில அதே நிறம் ஒட்டினன். அக்காவின்ட கேபிளைத் திரும்பக் குடுத்திட்டன், ஒண்டரை மீற்றர் செம்புக் கேபிள் ஒண்டு புதுசா வாங்கி மேசை லாச்சிக்குள்ள வச்சிருக்கிறன்.