16.5-ஐ அன்றிரவே ஏற்றாதது ஏன்?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் சிறு வெளியீடுகள் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் இரண்டாவது வியாழக்கிழமையில் வரும். மறுநாள் காலையில் என் முதல் வேலை, வெளியீட்டுக் குறிப்பை வரி விடாமல் படிப்பது. சிறு வெளியீட்டை எப்படியும் ஏற்றத்தான் வேண்டும். இன்றிரவா, அடுத்த வாரமா என்பதைத்தான் குறிப்பைப் படித்து முடிவு செய்கிறேன்.

2024 நவம்பர் 14 அன்று 16.5 வந்தது. அதிலிருந்த பாதுகாப்புத் திருத்தங்களில் CVE-2024-10979 என்பதற்கு 8.8 மதிப்பெண். அதைப் பார்த்ததும் என்னுடன் வேலை செய்யும் இளைஞர், "சார், இன்றிரவே ஏற்றிவிடலாமா?" என்று கேட்டார். பதற்றம் நியாயமானதுதான். ஆனால் ஓட்டை இருக்கும் இடத்தில் அது எவ்வளவு ஆபத்தானது என்பதைத்தான் அந்த மதிப்பெண் சொல்லும். நம்மிடம் அந்த ஓட்டை இருக்கிறதா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். PL/Perl மொழியில் நிரல் எழுத அனுமதி பெற்ற சாதாரணப் பயனர், PATH போன்ற சூழல் மாறிகளை மாற்றிவிட முடியும் என்பதே சிக்கல் என்று குறிப்பு விளக்கியிருந்தது. எனவே எங்களிடம் என்னென்ன எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன என்று பார்த்தோம்.

```sql
SELECT extname, extversion FROM pg_extension;
```

இந்தப் பட்டியல் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனித்தனி. ஒன்றில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு நிம்மதி அடையக் கூடாது. எல்லாவற்றிலும் ஓட்டினோம்; plperl எங்குமே இல்லை. மற்ற பாதுகாப்புத் திருத்தங்களையும் இப்படியே ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். எங்களை அவசரப்படுத்தக் கூடியது எதுவும் இல்லை.

ஆனால் அதே பட்டியலில் timescaledb இருந்தது. சி மொழியில் எழுதிய எக்ஸ்டென்ஷன், சர்வரின் உள் கட்டமைப்புகளை நேரடியாகத் தொடுகிறது. ஏற்கெனவே தொகுத்து வைத்த அந்தக் கோப்பு, புதிய சர்வரோடு ஒத்துப்போகுமா என்பதைக் குறிப்பு சொல்வதில்லை. அவசரக் காரணம் இல்லாதபோது, இப்படிப்பட்ட எக்ஸ்டென்ஷன் உள்ள சர்வரில் ஒரு வாரம் பொறுப்பது என் வழக்கம். "பொறுப்போம்" என்றேன்.

சில நாள்களுக்குள் செய்தி வந்துவிட்டது. ஒரு திருத்தத்துக்காக ResultRelInfo என்ற கட்டமைப்பின் இறுதியில் புதிய புலம் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அதனால் கட்டமைப்பின் அளவு கூடிவிட்டது. பழைய அளவுக்கு நினைவகம் ஒதுக்கும் எக்ஸ்டென்ஷனிடமிருந்து அதைப் பெறும் புதிய சர்வர், ஒதுக்கிய எல்லையைத் தாண்டித் தொடும். எக்ஸ்டென்ஷனைப் புதிய பதிப்புக்கு எதிராக மறுபடி தொகுத்தால் சரியாகிவிடும். ஆனால் தயாராகக் கிடைக்கும் தொகுப்பை நிறுவுபவருக்கு அது கைவசம் இல்லை. பாதுகாப்புத் திருத்தம் ஒன்றின் பக்கவிளைவாக, ஒரு பயனருக்கு `ALTER ROLE ... SET ROLE` மூலம் அமைத்ததும் வேலை செய்யாமல் போயிருந்தது. இரண்டையும் சரிசெய்து நவம்பர் 21 அன்று, அட்டவணைக்கு வெளியே, 16.6 வந்தது.

பொறுப்பதே எப்போதும் சரி என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2022 ஜூனில் வந்த 14.4-உம் அட்டவணைக்கு வெளியே வந்ததுதான். 14-ஆம் பதிப்பில் `CREATE INDEX CONCURRENTLY` அல்லது `REINDEX CONCURRENTLY` ஓடியபோது சில வரிசைகள் இண்டெக்ஸில் சேராமலே போகும் பிழை இருந்தது. பிழைச்செய்தி எதுவும் வராது. தேடினால் இருக்கும் வரிசை கிடைக்காது, அவ்வளவுதான். அங்கே ஒவ்வொரு நாள் தாமதமும் புதிய சேதத்துக்கு இடம் கொடுக்கிறது. ஏற்றினால் மட்டும் போதாது, அப்படி உருவாக்கிய இண்டெக்ஸ்களை மறுபடி கட்ட வேண்டும் என்பதையும் அதன் குறிப்பே சொன்னது. பி-ட்ரீ இண்டெக்ஸ் என்றால் `pg_amcheck --heapallindexed` சேதத்தைக் காட்டிவிடும்.

16.6-ஐ ஏற்றும்போது 16.5-இன் குறிப்பையும் மீண்டும் எடுத்தோம். ஒரு வெளியீட்டைத் தாண்டிப் போனாலும் அதன் மாற்றங்கள் அடுத்ததில் வந்துவிடும். நாம் கையால் செய்ய வேண்டிய வேலை மட்டும் பழைய குறிப்பிலேயே தங்கிவிடும். அந்தக் குறிப்பின் தொடக்கத்தில், "மைக்ரேஷன்" என்ற தலைப்பின் கீழ், ஒரு நிபந்தனை இருந்தது. இன்னொரு பார்ட்டிஷன் அட்டவணையை அயல் திறவுகோலால் சுட்டும் அட்டவணையிலிருந்து எப்போதாவது ஒரு பார்ட்டிஷனைக் கழற்றி, அதை அழிக்காமல் வைத்திருந்தால், அதன் அயல் திறவுகோல் சரிவரக் காக்கப்பட்டிராது. எங்களிடம் பழைய ஆண்டுகளின் தரவு அப்படித்தான் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. 16.6-ஐ ஏற்றிய பிறகு, குறிப்பு சொன்னபடி அந்தக் கட்டுப்பாட்டை நீக்கி, சுட்டப்படும் அட்டவணையில் இல்லாத எண்களைச் சுட்டும் வரிசைகளைத் தேடிக் களைந்து, மறுபடி சேர்த்தோம். சர்வரை ஏற்ற ஆன நேரத்தைவிட இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.