செயலியைக் கைமாற்றிக் கொடுத்த அனுபவம்

நிலாவெளியில் படகு வைத்திருக்கும் ஒருவருக்காகச் செய்த செயலி அது. புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் போகிறவர்கள் அதில் இருக்கை பதிவு செய்வார்கள். நான் வேறு வேலைக்குப் போகவேண்டி வந்ததால், கடல் அமைதியாகி சீசன் தொடங்கும் முன் புதிதாக வந்த தம்பியிடம் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. "பாஸ்வேர்ட் எல்லாத்தையும் ஒரு பேப்பரில எழுதித் தந்திட்டுப் போங்கோ, காணும்" என்றார் முதலாளி. அது காணாது.

கோட் முழுவதும் கிட்ஹப்பில்தான் இருந்தது. ஆனால் ஒரு செயலியை வெளியிடத் தேவையான சில கோப்புகள் அங்கே இருப்பதில்லை, இருக்கவும் கூடாது. செயலி எங்களுடையதுதான் என்று காட்டும் கையொப்பச் சாவி உள்ள `.jks` கோப்பு, அதன் பாஸ்வேர்ட் எழுதிய `key.properties` இரண்டையும் `.gitignore` மூலம் வெளியே நிறுத்தியிருந்தேன். அவை என் லப்டொப்பில் மட்டுமே இருந்தன. இந்த மாதிரி விடுபடும் பொருட்களை நினைவிலிருந்து பட்டியல் போட்டால் ஏதாவது ஒன்று தப்பிவிடும். அதனால் தம்பியை அவருடைய சொந்த லப்டொப்பில், வெறும் கோப்புறையில் தொடங்கச் சொன்னேன். நான் பக்கத்தில் இருப்பேன், ஆனால் கீபோர்டைத் தொடமாட்டேன் என்பது ஒப்பந்தம்.

```
git clone <repo> .
flutter pub get
flutter build appbundle
```

மூன்றாவது வரியில் பில்ட் விழுந்தது. எதிர்பார்த்ததுதான். சாவிக் கோப்பை பென் டிரைவில் கொடுத்தேன். பாஸ்வேர்டை முதலாளியின் பெயரில் திறந்த பாஸ்வேர்ட் மனேஜரில் போட்டேன். இரண்டையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியில் அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், சொல்லி அலுத்துவிட்டது.

எதிர்பார்க்காதது அதற்கடுத்துத்தான் வந்தது. தம்பியின் போனில் சோதனை பில்டை ஓடவிட்டபோது செயலி திறந்தது, ஆனால் கூகிள் மூலம் உள்நுழைய முடியவில்லை. லொக்கில் `ApiException: 10` என்று வந்தது. வரைபடமும் வெறும் சாம்பல் நிறமாக, மூலையில் கூகிள் பெயர் மட்டும் தெரிய நின்றது. கோட்டில் பிழை தேடி அவர் அரைநாளைச் செலவழித்திருப்பார், நான் இல்லாவிட்டால். பிழை கோட்டில் இல்லை. ஒவ்வொரு கணினியிலும் சோதனை பில்டுக்கென ஒரு தனிச் சாவி தானாக உருவாகிறது. அந்தச் சாவியை அடையாளம் காட்டும் SHA-1 கைரேகை, கூகிளின் ஃபயர்பேஸ் சேவையில் பதிவாகியிருந்தால்தான் உள்நுழைவு வேலை செய்யும். கூகிள் வரைபடத்தைச் செயலிக்குள் காட்ட உதவும் வரைபடச் சாவிக்கும் அதே கைரேகையை வைத்துக் கட்டுப்பாடு போட்டிருந்தேன். பதிவாகியிருந்தது என் கணினியுடையது.

`android` கோப்புறைக்குள் போய் `./gradlew signingReport` கொடுத்து அவருடைய SHA-1-ஐ எடுத்து இரண்டு இடத்திலும் சேர்த்தோம். அப்புறம் சரியாகிவிட்டது. இதிலேயே இன்னொரு குழி இருக்கிறது. பிளே ஸ்டோர் வழியாகப் போகும் பிரதியில், நாங்கள் வைக்கும் கையொப்பத்தை நீக்கி கூகிள் தன்னிடமுள்ள சாவியால் மறுபடி கையொப்பமிடுகிறது. ஆகவே அந்தச் சாவியின் SHA-1-ஐயும் பிளே கொன்சோலில் இருந்து எடுத்துப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் மேசையில் ஓடுவது பயணிகளின் போனில் ஓடாது. எந்தக் கைரேகை எதற்கு என்று ரீட்மீயில் எழுதினோம். அதே கோப்பில், மறுநாள் பயணப் பதிவு மாலை ஆறு மணிக்கு ஏன் மூடுகிறது என்பதையும் சேர்த்தேன்: ஆட்கணக்கு பார்த்துத்தான் படகுக்கு எண்ணெய் அடிக்கிறார்கள். கோட்டில் `18` என்ற எண் மட்டும்தான் தெரியும், காரணம் தெரியாது.

கணக்குகளில் சிக்கல் குறைவு. 25 டொலர் கட்டிப் பதியும் பிளே கொன்சோல் கணக்கை ஆரம்பத்திலேயே முதலாளியின் ஜிமெயிலில்தான் திறந்திருந்தோம். தம்பியைப் பயனராகச் சேர்த்து, வெளியிடும் உரிமை மட்டும் கொடுத்தோம். டொமைன் மட்டும் என் வங்கி அட்டையில் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அதை முதலாளியின் அட்டைக்கு மாற்றினோம். உள்நுழைவுக் குறியீடுகள் வரும் தொலைபேசி இலக்கத்தையும் அவருடையதாக்கினோம்.

தம்பி `versionCode`-ஐ ஒன்று கூட்டி, உள்ளகச் சோதனைப் பிரிவில் பில்டை ஏற்றினார். முதலாளி தன் போனில் அதை நிறுவி, உள்நுழைந்து, ஒரு பொய்ப் பதிவும் போட்டுப் பார்த்தார். அதுவரை என் அணுகல் எதையும் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகுதான் கிட்ஹப், ஃபயர்பேஸ், கொன்சோல் மூன்றிலிருந்தும் என் பெயரை எடுத்தார்கள். எஸ்எம்எஸ் அனுப்பும் சேவையின் சாவி சேர்வரில் இருந்ததால் உடனே புதிது போட முடிந்தது. அது செயலிக்குள் இருந்திருந்தால், புதுப்பிக்காத போன்களில் பதிவுச் செய்தி நின்றிருக்கும். வரைபடச் சாவி செயலிக்குள்தான் இருக்கிறது, அதை மாற்றவில்லை. அதன் அனுமதிப் பட்டியலிலிருந்து என் லப்டொப்பின் SHA-1-ஐ மட்டும் தம்பி நீக்கினார்.