ஆம்பூர் பாசஞ்சரில் குறுக்கெழுத்து: எந்த ஆப் தேறியது?

தினமும் ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் வேலைக்குப் போகிறேன். மேல்பட்டி, வளத்தூர்ப் பக்கம் என் சிம்மில் நெட் வரும், போகும். தமிழ்ச் சொல் விளையாட்டு ஆப்களை இந்தப் பயணத்தில்தான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கடினம் என்று போட்டிருப்பது உண்மையில் கடினமா, நெட் இல்லாமல் ஓடுமா என்ற இரண்டைத்தான் கவனித்தேன்.

முதலில் கழற்றிவிட்டது சொல் தேடல். கட்டத்துக்குக் கீழே சொற்பட்டியலைக் கொடுத்துவிடுகிறார்கள், அதைக் கண்ணால் தேட வேண்டும். கடினம் என்றால் கட்டம் பெரிதாகும், அவ்வளவுதான். நெட் இல்லாமல் அருமையாக ஓடும், ஆனால் அர்த்தமே தெரியாத சொல்லையும் கண்டுபிடித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

எழுத்துகளைக் குலைத்துக் கொடுக்கும் ஆப்களில் வேறு தொல்லை. கொக்கு என்பதில் கொ, க், கு என்று மூன்று எழுத்து. ஆனால் கணினி அதை க, ொ, க, புள்ளி, க, ு என்று ஆறு துண்டாகச் சேமிக்கிறது. ஆப் எழுதியவர் இதைக் கவனிக்கவில்லையென்றால் கட்டத்தில் கொம்பும் காலும் தனியாக அலையும். அதைக் கடினமான நிலை என்று நினைத்து மல்லுக்கட்ட வேண்டாம். நிறுவியதும் ஒகர எழுத்து வரும் ஒரு சொல்லைப் பாருங்கள், அது உடைந்திருந்தால் அப்போதே நீக்கிவிடலாம்.

அடுத்தது, மறைந்திருக்கும் சொல்லை ஊகித்துப் போட்டால் ஒவ்வொரு எழுத்தும் சரியா தவறா என்று நிறத்தால் காட்டும் வேர்டில் (Wordle) பாணி ஆட்டம். நான் பார்த்தவற்றில் நிலை என்று எதுவும் இல்லை, ஆட்டமே கடினம்தான். ஆங்கிலத்தில் 26 எழுத்து, நமக்கு 247. க போட்டு, விடையில் கூ இருந்தால், வெறும் சாம்பல் நிறம் காட்டும் ஆப்பில் ஒன்றும் பிடிபடாது. மெய் சரி, உயிர் தவறு என்று தனி நிறம் காட்டுவதைத்தான் நான் தொடர்ந்து ஆடினேன்.

நின்றது குறுக்கெழுத்துதான். தெரியாத சொல்கூடக் குறுக்கே வரும் சொற்களால் தானாக விழும் என்பது முக்கியக் காரணம். எளிய நிலையில், 'வேலூர் வழியே போகும் நதி (3)' என்று கேட்டால் பாலாறு என்று கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அதே விடைக்குக் கடினமான ஆப்பில் இப்படி வரும்: 'காப்பியில் சேர்ப்பதோடு அரை டஜன் சேர்ந்தால் நதி (3)'. பாலும் ஆறும் தனித்தனியே எண்ணினால் நான்கு எழுத்து. சேரும்போது ல், ஆ இரண்டும் லா ஆகி மூன்றாகிவிடும். இந்தப் புணர்ச்சிக் கணக்கு வரும் நிலைதான் உண்மையான கடினம். கட்டம் 7க்கு 7 ஆனாலும் பரவாயில்லை.

அந்த லாவிலிருந்து ஒரு சொல் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மரபுப்படி லகரம் சொல்லுக்கு முதலில் வராது, ஆகவே வேறு மொழியிலிருந்து வந்து சேர்ந்த சொல் என்று சந்தேகிக்கலாம். குறிப்பு: 'குதிரைக் குளம்பில் அடிப்பது (3)'. நான் யோசித்துக்கொண்டிருக்க, எதிர் சீட்டு பெரியவர் எட்டிப் பார்த்து, "லாடம்னு போடு தம்பி, இதுக்குப் போய் இன்னா யோசனை?" என்றார். சரியாக வந்தது. இலாடம் என்று எழுதப் பழகியவருக்கு எழுத்து ஒன்று கூடி இடிக்கும். இரண்டு வடிவத்தில் ஒன்றை மட்டும் ஏற்கும் ஆப்பில் எண்ணிக்கை இடித்தால் முதலெழுத்து இ, அ இரண்டையும் சேர்த்தும் விட்டும் பார்ப்பேன். (நடுவில் லத்தேரி ஸ்டேஷன் வந்து அந்த லகர விதியைக் கேலி செய்துவிட்டுப் போகும்.)

அப்புறம் ஆஃப்லைன். விளம்பரப் பக்கத்தில் எழுதியிருப்பதை நம்புவதில்லை. விமானப் பயன்முறையைப் போட்டு, அமைப்பில் போய் ஆப்பைக் கட்டாயமாக நிறுத்தி, மறுபடி திறக்கிறேன். முன்பே ஏறியிருக்கும் புதிர் நினைவகத்தில் இருந்து ஏமாற்றும், அதனால்தான் நிறுத்தச் சொல்கிறேன். பிறகு ஆடாத ஒரு நிலையைத் திறந்து, கடைசி எழுத்து வரை நிரப்பி, விடை சரிபார்க்கிறதா என்று பார்க்கிறேன். சிலவற்றில் புதிர் திறக்கும், சரிபார்ப்பு மட்டும் சர்வருக்குப் போய்ச் சுற்றிக்கொண்டே நிற்கும். தினப் புதிர் அன்றன்று இறங்கும், ஆகவே வீட்டு வைஃபையில் காலையிலேயே ஒருமுறை திறந்துவிட வேண்டும். உதவிக்கு எழுத்து கேட்டால் விளம்பரம் பார் என்பதும் நெட் இல்லாமல் நடக்காது. ரயிலில் அது நல்லதாகத்தான் போயிற்று, குறுக்குச் சொற்களை வைத்தே யோசிக்கப் பழகிவிட்டேன்.

இப்போது போனில் இரண்டுதான் இருக்கின்றன. எல்லாப் புதிரும் உள்ளேயே அடங்கிய குறுக்கெழுத்து ஒன்று, மெய்க்குத் தனி நிறம் காட்டும் தினப் புதிர் ஒன்று. முதலாவதில் கடைசிக் கட்டப் புதிர்கள் இன்னும் பாதி பாக்கி.