பழைய சாமி படங்களைப் பிரித்து வழியனுப்பிய விதம்

பூஜை அறையில் வருஷக்கணக்காகச் சேர்ந்த பழைய படங்களை என்ன செய்வது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: கோயில் அரசமரத்தடியில் வைத்துவிட்டு வந்துவிடு. கும்பகோணத்தில் மாமியார் வீட்டைக் காலி செய்து, அவரை எங்களோடு லண்டனுக்கு அழைத்து வர ஏற்பாடு செய்தபோது எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். மரத்தைச் சுற்றி உடைந்த கண்ணாடி, மழையில் ஊறிப் பிளந்த சட்டங்கள், முகம் வெளுத்துப்போன லட்சுமி. கூட்டிப் பெருக்குகிற அம்மா அதையெல்லாம் வாரி குப்பை வண்டியில்தான் போடுகிறார். வேறு வழி அவருக்கும் இல்லை. பொது இடத்தில் குப்பை போடவோ எரிக்கவோ கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. நாம் கொண்டாடிய படத்தை வேறொருவர் குப்பையில் போடும்படி விட்டுவிட்டு வருவதில் எனக்கு மரியாதை எதுவும் தெரியவில்லை. வீட்டிலேயே செய்வது என்று முடிவெடுத்தேன்.

அத்தைக்கு இருந்த பயம் வேறு. "சாமி படத்தைப் பிரிக்கலாமாம்மா? குத்தமாயிடாதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குருக்களிடம் அழைத்துப் போனேன். மந்திரம் சொல்லி ஆவாகனம் செய்யாத அச்சுப் படத்துக்குப் பெரிய விதி கிடையாது, விளக்கேற்றி, பூ வைத்து, இத்தனை நாள் இருந்து காத்ததற்கு வணங்கி விடைபெற்றால் போதும் என்றார். பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் யதாஸ்தானம் சொல்லி வடக்குப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்துவோமே, படத்துக்கும் அதையே செய்யுங்கள் என்று அவர் சொன்னபோதுதான் அத்தைக்கு நிம்மதி வந்தது. யந்திரத் தகடு, சாளக்கிராமம், பிரதிஷ்டை செய்த விக்கிரகம் இவற்றுக்கு மட்டும் இந்த வழி பொருந்தாது, தனியாகக் கேளுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். எங்கள் வீட்டு வழக்கப்படி செவ்வாய், வெள்ளி தவிர்த்து ஒரு புதன்கிழமை காலையில் சூடம் காட்டி, படங்களை வடக்கே நகர்த்தி வைத்தோம். மந்திரம் தெரியாதவர்கள் தமிழில் வாய்விட்டுச் சொன்னாலே போதும். அத்தையும் அப்படித்தான் சொன்னார்.

அப்புறம்தான் கைவேலை. பெரிய முருகன் படத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வரக்கூடிய சிக்கல் எல்லாமே அதில் இருந்தது. கண்ணாடி மூலையில் விரிசல். அதனால் முதலில் கண்ணாடி மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டும் டேப்பை ஒட்டினேன். விரிசல் விட்ட கண்ணாடி, சட்டத்தின் பிடி தளர்ந்ததும் சில்லாகக் கொட்டிவிடும். பிறகு பழைய போர்வை மேல் கவிழ்த்து வைத்து, பின்பக்கம் ஒட்டியிருந்த பழுப்புக் காகிதத்தை ஈரத்துணியால் ஒற்றி உரித்தேன். உள்ளே சின்னச் சின்ன ஆணிகள் துரு ஏறிப் போயிருந்தன. குறடால் பிடித்து நேராக இழுக்க வேண்டும், நெம்பினால் சட்டம் பிளந்துவிடும். அட்டையைத் தூக்கினால் அதற்கடியில் இன்னொரு படம்! அதுவும் முருகன்தான், அதைவிடப் பழையது, சிவகாசி காலண்டரில் வந்த படம். மாமா அந்தக் காலத்தில் புதுப் படத்தை அதன் மேலேயே வைத்துச் சட்டம் போட்டுவிட்டார் என்று அத்தைக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இதனால்தான் சொல்கிறேன், பின்னட்டையைத் திறந்து பார்க்காமல் எந்தப் படத்தையும் கொடுத்துவிடாதீர்கள். குடும்பப் புகைப்படம், தேதி எழுதிய சீட்டு என்று எதை வேண்டுமானாலும் பெரியவர்கள் உள்ளே வைத்திருப்பார்கள்.

காகிதம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரச் சுவரில் மாட்டிய படம் எல்லாம் இப்படித்தான் ஆகும். பிய்த்தால் சாமி முகம் கிழியும், பார்க்கவே மனசு கேட்காது. ஆகையால் கண்ணாடியோடு சேர்த்து அகலமான தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, இரவு முழுக்க விட்டேன். காலையில் காகிதம் தானாக வழுக்கிக்கொண்டு வந்தது.

அதை அப்படியே இன்னும் ஊறவிட்டுக் கையால் பிசைந்தால் கூழாகிவிடும். பழைய காலண்டர் காகிதம் சீக்கிரம் கரையும், வழவழப்பான காகிதத்துக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும், தண்ணீரை மாற்றிக்கொள்ளலாம். முகத்தைக் கிழிக்கிறோம் என்ற உறுத்தல் இல்லாமல் உருவம் தண்ணீரில் கரைந்து போகிறது, பிள்ளையாரைக் கரைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. கூழைப் பிழிந்து, கொல்லையில் பவழமல்லிச் செடியடியில் ஒரு அடி ஆழத்துக்குக் குழி வெட்டிப் போட்டு மூடினோம். அச்சு மை இருப்பதால் கீரை, காய்கறிப் பாத்தியில் மட்டும் வேண்டாம்.

கரையாத படங்களும் இருக்கின்றன. ஒரு சொட்டுத் தண்ணீரை ஓரத்தில் விட்டுப் பாருங்கள். உறிஞ்சினால் காகிதம். முத்துப்போல நின்றால் மேலே பிளாஸ்டிக் படலமோ பூச்சோ இருக்கிறது. ஓரத்தைக் கொஞ்சம் கிழித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும், லேமினேட் செய்தது கிழியாமல் ஜவ்வாக இழுபடும். தங்கக் கலரில் மின்னும் படங்களும் பெரும்பாலும் பிளாஸ்டிக் தாள்தான். இவற்றை மண்ணில் புதைத்தால் அப்படியே கிடக்கும், எரித்தால் நச்சுப் புகை. ஊறவைத்தால் சிலவற்றில் படலம் உரிந்து வரும். வராததை வெள்ளைத் துணியில் சுற்றி, தனிப் பையில் கட்டி, மற்றக் குப்பையோடு கலக்காமல் வண்டிக்காரரிடம் கையில் கொடுத்தேன். இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

கண்ணாடியும் சட்டமும் வெறும் பொருள்கள். நல்லதாக இருந்த சட்டங்களைத் துடைத்து அவற்றிலேயே புதுப் படம் போட்டுக்கொண்டோம், லண்டனுக்கும் இரண்டு வந்தன. வெளிநாட்டில் ஒன்று கவனிக்க வேண்டும்: படக் கண்ணாடியை பாட்டில் போடும் தொட்டியில் போடக் கூடாது. இரண்டும் உருகும் வெப்பநிலை வேறு. எங்கள் கவுன்சிலும் வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறது. காகிதத்தில் நன்றாகச் சுற்றி, மறுசுழற்சி மையத்தில் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் போடலாம். வர்ணம் பூசிய சட்டத்தையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள், அதை விறகாக எரிக்க வேண்டாம்.

லண்டனுக்கு வந்தபின் அத்தைக்குத் தினசரிக் கவலை நிர்மால்யம், சாமிக்குச் சாத்திக் களைந்த பூ. ஊரில் கிணற்றடிச் செடியில் போட்டுவிடுவார். "கால் படாத இடமா வேணும்மா" என்பார். எங்களுடையது மாடி வீடு, தோட்டம் கிடையாது. ஆற்றில் விடலாமே என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னார். நியூயார்க்கில் ஜமைக்கா விரிகுடாவில் இப்படி விட்ட பூ, தேங்காய், துணி எல்லாம் அலையில் கரைக்கே திரும்பி வந்து ஒதுங்குகின்றன. வழிபடுங்கள், கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள் என்று அங்கே பூங்கா நிர்வாகம் கேட்டுக்கொள்கிறது. நம் பூ யாரோ ஒருவர் காலடியில் போய்க் கிடப்பதற்கு எதற்கு ஆறு?

நாங்கள் செய்வது இது. பூவைக் களைந்ததும் முதலில் கட்டிய நாரைப் பார்ப்போம். வாழைநார் என்றால் பூவோடு போகட்டும், நைலான் நூலும் ஜரிகையும் என்றால் உருவி எடுத்துவிட வேண்டும், மண்ணில் அவை அழியாது. பூக்களை ஒரு மூங்கில் தட்டில் காகிதம் விரித்துப் பரப்பி, பூஜை அலமாரியின் கீழ்த் தட்டிலேயே காயவிடுகிறோம். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிற வீட்டில் சாமந்தி சீக்கிரமே சருகாகிவிடும். ஒரு வாரத்துப் பூ இரண்டு கைப்பிடிக்குள் அடங்கும். அதை நொறுக்கி, மூடியில் துளை போட்ட வாளியில் ஒரு அடுக்கு பூ, ஒரு அடுக்கு தேங்காய்நார்த் தூளோ பழைய மண்ணோ என்று போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து வைக்கிறோம். காயவைக்காமல் ஈரப் பூவாகவே போடுவதென்றால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு சருகோ கிழித்த அட்டையோ வேண்டும். புளித்த வாடை அடித்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். காய்ந்ததைச் சேர்த்துக் கிளறிவிட்டால் சரியாகிவிடும். குளிரில் மட்கல் மெதுவாகத்தான் நடக்கும், வெயில் வந்ததும் வேகம் பிடிக்கும். அந்த மண்ணில்தான் இப்போது அத்தையின் துளசி இருக்கிறது.

அரளிப்பூ விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பூ, இலை, தண்டு எல்லாமே விஷம். நாய், பூனை, தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் அதைத் திறந்த தட்டில் காயவைக்கக் கூடாது. எருக்கும் அப்படித்தான்.

சாம்பல் சுலபம், ஆனால் அளவு முக்கியம். ஊதுபத்திச் சாம்பலும் ஹோமச் சாம்பலும் காரத்தன்மை உள்ளவை. சிட்டிகை சிட்டிகையாக வாளியில் தூவினால் நல்லது, ஒரே தொட்டியில் கொட்டினால் செடி மஞ்சளாகிவிடும். ஹோமம் செய்த வீட்டில் சாம்பலை உடனே பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். மேலே ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே கனல் ஒன்றிரண்டு நாள்கூட உயிரோடு இருக்கும், மூடி போட்ட இரும்புப் பாத்திரத்தில் தண்ணீர் தெளித்து வைப்பதுதான் பாதுகாப்பு. சிந்திய விபூதி செடிக்கே போகலாம். சாயம் கலந்த குங்குமத்தைத் துளசித் தொட்டியில் போடாதீர்கள், அந்த இலையைத்தான் தீர்த்தத்தில் போட்டுக் குடிக்கிறோம். எரிந்து முடிந்த திரியை எண்ணெயோடு பழைய காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போடுகிறோம். சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும்.

இப்போது புதுப் படம் வாங்கும்போது லேமினேட் இல்லாத காகிதம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறோம். பின்னட்டையை ஆணியால் அடிக்காமல், திருப்பினால் திறக்கும் கொக்கி வைத்துத் தரச் சொல்கிறேன். வாங்கிய வருஷத்தைப் பின்னால் பென்சிலில் அத்தையே எழுதுகிறார்.